ராஜினாமா கேட்கும் அறையில் எச்.ஆர். யார் பக்கம்?

2017 ஜூலையில் ஓர் ஒலிப்பதிவு வாட்ஸாப்பில் நாடு முழுக்கச் சுற்றியது. டெக் மஹிந்திரா நிறுவனத்தின் எச்.ஆர். பெண் ஒருவர், ஓர் ஊழியருடன் சில நிமிடங்கள் பேசியதன் பதிவு அது. செலவுக் குறைப்புப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, நாளைக் காலை 10 மணிக்குள் ராஜினாமாவைப் போட்டுவிடுங்கள், போட்டால் சாதாரண விலகலாக எடுத்துக்கொள்வோம், போடாவிட்டால் பணிநீக்கக் கடிதம் வரும் என்கிறார் அவர். ஊழியர் கெஞ்சிப் பார்க்கிறார், காரணம் கேட்கிறார், அவகாசம் கேட்கிறார். கம்பெனி எடுத்த முடிவு என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. பதிவு வெளியானதும் ஆனந்த் மஹிந்திராவே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் வருத்தம் தெரிவித்தார். பேச்சு நடந்த விதத்துக்குத்தான் அந்த வருத்தம். ஆள் குறைப்பு முடிவுக்கு அல்ல.

கேட்டவர்கள் பலரும் அந்தப் பெண்ணைத்தான் திட்டினார்கள். ஆனால் கூர்ந்து கேட்டால் அவர் குரலை உயர்த்தவே இல்லை. முடிவெடுத்தவரும் அவர் அல்ல, மாற்றக்கூடியவரும் அவர் அல்ல. சொல்லிவிட்டு ஒரு கையெழுத்து வாங்கிவர அனுப்பப்பட்டவர். எச்.ஆர். துறையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை அந்தச் சில நிமிடங்களைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லிவிடாது.

முதலில் ஒரு கேள்வி. ஆளை அனுப்ப முடிவு செய்துவிட்ட நிறுவனம், நேரடியாகப் பணிநீக்கம் செய்துவிட்டுப் போகாமல் ராஜினாமாவை ஏன் இப்படித் துரத்துகிறது?

காரணம் சட்டத்தில் இருக்கிறது. ராஜினாமா என்பது ஊழியர் தானே விரும்பிச் செய்வது. அதில் நிறுவனத்துக்குப் பெரிய பொறுப்பு எதுவும் இல்லை. ஆட்குறைப்பு அப்படியல்ல. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. ஐ.டி. நிறுவனங்கள் செலவைக் குறைக்கும்போது பெரும்பாலும் குறிவைப்பது அதிகச் சம்பளம் வாங்கும் பழைய ஆட்களை. அதாவது சட்டம் சொல்லும் வரிசையைத் தலைகீழாக்கி. ராஜினாமாக் கடிதம் ஒன்று கையில் இருந்தால் இந்தக் கேள்விகள் எதுவுமே எழாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழு ஆண்டு முடித்தவர், மாதச் சம்பளம் 60,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு என்றால் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் 2,10,000 ரூபாய், முன்னறிவிப்புக்கு ஈடாக 60,000, ஆக 2,70,000 ரூபாய். ராஜினாமா என்றால் இந்தத் தொகை கிடையாது. கிராஜுவிட்டி வேறு கணக்கு. ஐந்தாண்டு முடித்தவருக்கு அவர் ராஜினாமா செய்தாலும், அனுப்பப்பட்டாலும் அது உண்டு. அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்கினால் இவருக்கு ஏறத்தாழ 1,21,150 ரூபாய் வரும். “ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டால் கிராஜுவிட்டி தருகிறோம்” என்று அந்த அறையில் யாராவது சொன்னால், ஏற்கெனவே அவருடைய பணத்தை அவருக்கே சலுகையாக விற்கிறார்கள் என்று பொருள்.

இதெல்லாம் ‘தொழிலாளி’க்குத்தானே, நான் சாஃப்ட்வேர் இன்ஜினீயர் ஆயிற்றே என்று நினைப்பவர்கள் அதிகம். எச்.ஆர். அதைத் திருத்த மெனக்கெடுவதில்லை. சட்டம் விசிட்டிங் கார்டில் உள்ள பதவியைப் பார்ப்பதில்லை, செய்யும் வேலையைப் பார்க்கிறது. தொழில்நுட்ப வேலை செய்பவரும் தொழிலாளிதான். நிர்வாகம் செய்பவர்களும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும்தான் அந்த வரையறைக்கு வெளியே நிற்பவர்கள்.

சென்னையில் இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. டி.சி.எஸ். நிறுவனம் 2015-இல் பணிநீக்கம் செய்த ஓர் ஊழியர் தொழிலாளர் நீதிமன்றம் போனார். அவர் மேனேஜர் நிலையில் இருந்தவர், தொழிலாளி அல்ல என்று நிறுவனம் வாதிட்டது. அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்று பார்த்த நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மீண்டும் வேலையில் சேர்க்கவும், இடைப்பட்ட காலச் சம்பளத்தை முழுதாகத் தரவும் 2022-இல் தீர்ப்பளித்தது. வெற்றிதான். ஆனால் ஏழு ஆண்டு. அத்தனை காலம் வழக்கைத் தாக்குப்பிடிக்கிறவர்கள் குறைவு என்பது ஊழியருக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

பெரிய நிறுவனங்களில் எச்.ஆர். என்பது ஒரே ஆளோ ஒரே மேசையோ அல்ல. ஆள் எடுப்பவர்கள் ஒரு பிரிவு. சம்பளம், பி.எஃப்., காப்பீடு பார்ப்பவர்கள் இன்னொரு பிரிவு. மூன்றாவதாக ‘பிசினஸ் பார்ட்னர்’ என்று ஒருவர் இருப்பார். ஒரு டெலிவரி தலைவருக்கும் அவருக்குக் கீழுள்ள சில நூறு பேருக்கும் ஒருவர் என்ற கணக்கில் நியமிக்கப்படுபவர். பெயரே சொல்லிவிடுகிறது, அவர் பங்காளியாக இருப்பது தொழிலுக்கு. அவருடைய வருடாந்திர ரேட்டிங்கில் அந்த டெலிவரி தலைவரின் கருத்துக்கு இடம் உண்டு. ராஜினாமா கேட்கும் அறையில் எதிரே அமர்பவர் பெரும்பாலும் இவர்தான். மேனேஜர் மேல் புகார் சொல்ல ஊழியர் தேடிப் போவதும் இவரிடம்தான் என்பதுதான் சிக்கல்.

அந்த அறைக்கு வரும் பாதை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். பொதுவாக பி.ஐ.பி. என்ற மூன்றெழுத்தில். வேலைத்திறனை மேம்படுத்தும் திட்டம் என்று பெயர். 30, 60 அல்லது 90 நாளைக்குச் சில இலக்குகள் தருவார்கள், வாரம் ஒரு சந்திப்பு நடக்கும், ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு மின்னஞ்சல் குறிப்பு வரும். உண்மையாகவே ஆளைத் தேற்றுவதற்காகத் தொடங்கும் திட்டங்களும் உண்டு. எது எந்த வகை என்பதை இலக்குகளின் வடிவமே காட்டிக்கொடுக்கும். “ஜூன் 30-க்குள் இந்த இரண்டு மாட்யூலையும் சோதனை முடித்துக் கொடுக்க வேண்டும்” என்றால் அளக்க முடியும், முடித்துக் காட்டவும் முடியும். “பொறுப்புணர்வை அதிகரிக்க வேண்டும்”, “தகவல் பரிமாற்றம் மேம்பட வேண்டும்” என்று மட்டும் இருந்தால் தேறிவிட்டதாக நிரூபிக்க வழியே இல்லை. பெஞ்ச்சில் உட்கார வைத்துவிட்டு, வேலை முடிக்கவில்லை என்று குறிப்பெழுதும் திட்டங்களும் உண்டு.

இங்கே எச்.ஆர். செய்யக்கூடியது ஒன்று, செய்ய முடியாதது ஒன்று. மேனேஜர் கொடுத்த ரேட்டிங்கை எச்.ஆர். மாற்றாது. வேலைத்தரம் பற்றி மேனேஜரின் தீர்ப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது தன் வேலை என்று அது நினைப்பதில்லை. ஆனால் நடைமுறை தவறியிருந்தால் அது கவலைப்படும். இலக்கை எழுத்தில் தரவில்லை, வாராந்திரச் சந்திப்பு நடக்கவே இல்லை, பிரசவ விடுப்பிலிருந்து திரும்பிய இரண்டாவது வாரமே பி.ஐ.பி. போட்டார்கள் என்பவை நாளை ஒரு நீதிமன்றத்தில் நிறுவனத்தைச் சங்கடப்படுத்தக்கூடிய விஷயங்கள். “மேனேஜர் என்னிடம் பாரபட்சமாக நடக்கிறார்” என்ற மின்னஞ்சல் ஃபைலுக்குப் போகும். “மார்ச் 3, 10, 17 ஆகிய நாட்களில் நடக்க வேண்டிய மதிப்பாய்வு நடக்கவில்லை, எழுத்தில் இலக்கு கேட்டு நான் அனுப்பிய இரண்டு அஞ்சல்களுக்கும் பதில் இல்லை” என்ற மின்னஞ்சல் நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குப் போகும். ஊழியரின் வருத்தம் எச்.ஆரை அசைப்பதில்லை. நிறுவனத்துக்கு வரக்கூடிய ஆபத்து அசைக்கும்.

இனி அந்த அறை. கதவு மூடியதும் முதலில் வருவது அவசரம். இன்றே, இப்போதே, இந்த லேப்டாப்பிலேயே ராஜினாமா பட்டனை அழுத்திவிட்டுப் போங்கள் என்பார்கள். அன்றே அழுத்தியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “யோசித்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்” என்று சொல்லி எழுந்து வரலாம். வந்தவர் அன்று மாலையே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் நாலு வரியில் ஓர் அஞ்சல். இன்று மாலை 4 மணிக்கு நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யும்படி கேட்டீர்கள், எனக்கு விலக விருப்பம் இல்லை, என் வேலையைத் தொடர விரும்புகிறேன், நிறுவனத்தின் முடிவு வேறாக இருந்தால் காரணத்துடன் எழுத்தில் தாருங்கள். இவ்வளவு போதும். கோபமோ பழியோ இதில் வேண்டாம். விருப்ப ராஜினாமா என்று நாளை நிறுவனம் சொன்னால், அன்றைய தேதியிட்ட இந்த அஞ்சல்தான் பதில் சொல்லும். மிரட்சியில் அழுத்திவிட்டவர்களுக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ராஜினாமாவை, அது நடைமுறைக்கு வரும் முன் திரும்பப் பெறலாம் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. எனவே மறுநாளே எழுதிவிட வேண்டும்.

விலகுவதே நல்லது என்று முடிவு செய்கிறவர்களும் உண்டு. சந்தையில் வேலை இருக்கிறது, சண்டை போடத் தெம்பில்லை, ரெஸ்யூமில் ‘டெர்மினேஷன்’ வேண்டாம் என்பார்கள். அதுவும் நியாயமான முடிவுதான். இவர்களுக்குத்தான் எச்.ஆர். உண்மையில் பயன்படும். முடிவை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லாவிட்டாலும், முடிவின் விளிம்புகளில் அவருக்குக் கொஞ்சம் கை நீளம் உண்டு. கடைசி வேலை நாளை ஒரு மாதம் தள்ளி வைக்கலாம். நோட்டீஸ் பீரியட் முழுக்க வேலைக்கு வராமலே சம்பளம் தரலாம். இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைக் கூடுதலாகப் பேசித் தரலாம். சேரும்போது கொடுத்த போனஸைத் திருப்பிக் கேட்காமல் விடலாம். வீட்டில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் குழுக் காப்பீடு எந்தத் தேதிவரை ஓடும் என்பதைப் பேசி முடிக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு தலையாட்டல் தேவைப்படும், ஆனால் அதைக் கேட்டு வாங்கக்கூடியவர் அவரே. பட்டனை அழுத்திய பிறகு இவற்றைக் கேட்டால் நடக்காது, அழுத்தும் முன் எழுத்தில் வாங்க வேண்டும்.

கேட்கத் தவறிவிடும் இன்னொன்று, கணினியில் இருக்கும் ஒரு சின்னக் கட்டம். மீண்டும் பணியில் சேர்க்கத் தகுதி உள்ளவரா, ஆம் அல்லது இல்லை. அடுத்த நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்புக்கு ஓர் ஏஜென்சியை அமர்த்தும். அந்த ஏஜென்சி பழைய நிறுவனத்தின் எச்.ஆருக்கு ஒரு படிவம் அனுப்பும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, விலகிய காரணம், மீண்டும் சேர்ப்பீர்களா. கேள்விகள் பெரும்பாலும் இவ்வளவுதான். ரிலீவிங் லெட்டரில் எவ்வளவு இனிக்க இனிக்க எழுதியிருந்தாலும், அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றிருந்தால் பதிலாகப் போவது அதுதான்.

மேல்மாடி அறை இப்படி என்றால், சம்பளப் பிரிவு மேசை வேறு உலகம். அங்கே ஊழியரின் நலனும் நிறுவனத்தின் நலனும் மோதுவதில்லை, அதனால் உதவியும் தாராளமாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் இந்த மேசைக்கு அதிகம் வரும் தலைவலி இனிஷியல். பி.எஃப். கணக்கில் ‘எஸ். கார்த்திக்’ என்றிருக்கும், ஆதாரில் ‘கார்த்திக் செல்வம்’ என்றிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அரசின் கணினிக்குத் தெரியாது, பணம் எடுக்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். இதைச் சரிசெய்யக் கூட்டு உறுதிமொழி என்று ஒன்று உண்டு. பல திருத்தங்களுக்கு நிறுவனத்தின் ஒப்புதலும் அதில் தேவைப்படும். வேலையில் இருக்கும்போது கேட்டால் சில நாளில் முடியும். விலகி மூன்று வருடம் கழித்து, அந்த நிறுவனமே வேறொருவருக்கு விற்கப்பட்ட பிறகு கேட்டால் யார் கையெழுத்துப் போடுவது? விலகிய தேதியைப் பி.எஃப். தளத்தில் பதிவு செய்யும் வேலையும் இந்த மேசையுடையது. அவர்கள் செய்யாவிட்டால், கடைசிச் சந்தா வரவாகி இரண்டு மாதம் ஆனபின் ஊழியரே தன் கணக்கில் நுழைந்து அதைப் பதிவு செய்துகொள்ளலாம். கடைசிச் சம்பளக் கணக்கை ‘45 நாள் ஆகும்’ என்று சொல்வது பல இடங்களில் பழக்கம். புதிய ஊதியச் சட்டத் தொகுப்போ, விலகியவராக இருந்தாலும் விலக்கப்பட்டவராக இருந்தாலும், இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தர வேண்டும் என்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள்.

அந்த அறையைவிட அபாயமான தவறு ஒன்று பாலியல் தொந்தரவு விஷயத்தில் நடக்கிறது. பாதிக்கப்பட்டவர் எச்.ஆரிடம் போய் மனம்விட்டுப் பேசுகிறார், புகார் கொடுத்துவிட்டதாக நம்பிக் காத்திருக்கிறார். 2017-இல் சூசன் ஃபவுலர் என்ற பொறியாளர், உபர் நிறுவனத்தில் தனக்கு நடந்ததை எழுதி உலகறியச் செய்தார். மேலாளர் அனுப்பிய செய்திகளின் படங்களை அவர் எச்.ஆரிடம் கொடுத்தார். அந்த ஆள் நன்றாக வேலை செய்பவர், இது அவருடைய முதல் தவறு, நீங்கள் வேண்டுமானால் வேறு குழுவுக்குப் போகலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. பிறகு மற்ற பெண்களிடம் பேசியபோது, அதே ஆளைப் பற்றி அவர்களும் புகார் செய்திருந்ததும், அவர்களிடமும் ‘முதல் தவறு’ என்றே சொல்லப்பட்டதும் தெரியவந்தது. அவர் எழுதியதற்குப் பிறகு நடந்த விசாரணைகளில் 20-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். எச்.ஆர். மேசையில் கிடந்தவரை அசையாத விஷயம், வெளியே வந்ததும் அசைந்தது.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் எச்.ஆரை நம்பி விடவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர். அந்த ஒருவர் இருப்பதால்தான் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் முடித்துவிடுவது கடினமாகிறது. புகார் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள், எழுத்தில், குழுவின் பெயருக்கே போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டித்துத் தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதற்கிடையில் இடமாற்றமோ, மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்போ கேட்க உரிமை உண்டு. எச்.ஆர். நண்பரோடு காபி குடித்துப் பேசியதில் இந்தக் கெடிகாரம் எதுவும் ஓடத் தொடங்குவதில்லை, மூன்று மாதக் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப் பேசியது ரகசியமாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வழக்கறிஞருக்கு இருப்பது போன்ற ரகசியக் கடமை எச்.ஆருக்குக் கிடையாது. தெரிந்ததை மேலே சொல்வதுதான் அவருடைய கடமை.

நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டே தொழிலாளிக்காக நிற்கும் ஒரு பதவி நம் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளிகளோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளில் நல அலுவலர் கட்டாயம் என்றது. தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் அவர் ஆஜராகக் கூடாது என்று பல மாநில விதிகள் வெளிப்படையாகவே சொல்லின. மில் வாசலில் இருந்த அந்தப் பாதுகாப்பு ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களுக்கு வந்து சேரவில்லை. அங்கே ஊழியருக்கு வெளியே இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று சங்கம். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. இன்னொன்று தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, வேலை போன விவரத்தை எழுதித் தந்தால் நிறுவனத்துக்கு நோட்டீஸ் போகும். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அவர் முன்னால் வந்து உட்கார நேர்ந்ததுமே, அதுவரை ஒரு ரூபாய் கூடத் தர முடியாது என்ற நிறுவனம் தொகை பேசத் தொடங்குவது உண்டு. பேச்சு முறிந்தால் தீர்ப்பாயம். புதிய சட்டத்தில் தகராறு எழுந்த இரண்டு ஆண்டுக்குள் இதைத் தொடங்கிவிட வேண்டும். பழைய சட்டம் மூன்று ஆண்டு தந்திருந்தது.

அங்கே கேட்பது காகிதம். பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பழைய ஆண்டுகளின் ரேட்டிங், பாராட்டி வந்த அஞ்சல்கள், பி.ஐ.பி. குறிப்புகள். இவையெல்லாம் இருப்பது நிறுவனத்தின் கணினியில், அந்தக் கணினிக்கான கதவு ராஜினாமா கேட்ட அன்றைக்கே கூட அடைபடலாம். ஆகவே சம்பளச் சீட்டையும் ரேட்டிங் கடிதத்தையும் வந்த மாதமே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. அதே வேகத்தில் வாடிக்கையாளர் ஆவணத்தையோ நிரல்களையோ சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடக் கூடாது. அனுப்பிய நொடியிலேயே தகவல் பாதுகாப்புக் குழுவுக்கு எச்சரிக்கை போய்விடும். அதுவரை பணிநீக்கத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில், இழப்பீடு எதுவும் தராமல் அனுப்பும் வழி கிடைத்துவிடும்.